ஆறு எண்ணி இரண்டாய் நடப்பது

ஆறு என்பது இரண்டு மூன்றா, மூன்று இரண்டா என்று எந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும், இரண்டும் ஒன்றுதான், போய் வேலையைப் பார் என்பார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிளாரினெட்டில் ஆறு சுரம் எழுதியிருந்தால் ஆறையும் ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறவன் நான். அந்த இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிந்த வருஷத்தில், என் தங்கை பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு பம்பாய் ரயிலுக்குக் காத்திருந்தாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சேலத்தில் அப்போது கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு செட் வைப்பது கௌரவம். எங்கள் செட்டில் முக்கால்வாசிப் பேர் அம்மாபேட்டைத் தறிக்காரர்கள். முகூர்த்த மாதங்களில் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு, மற்ற மாதங்களில் தறிக்குழி. எங்களை மேய்த்தவர் பட்டாளத்து பேண்டில் கார்னெட் வாசித்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒரு பாய். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அச்சடித்த இங்கிலீஷ் நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். காதால் கேட்டு வாசித்துக்கொண்டிருந்த எங்களைப் பிடித்து உட்காரவைத்து, ஐந்து கோட்டில் கட்டம் கட்டமாகப் பிரித்து உட்கார்ந்திருக்கும் புள்ளிகளைப் படிக்க வைத்தவர் அவர். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழே தத்தளிப்பு. ஆனாலும் படித்தோம். மாஸ்டருக்கு அவ்வளவு பொறுமை, அதைவிடப் பெரிய குரல்.

தாளத்தை அவர் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை, காலால் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் ஒத்திகைக் கொட்டகைக்குப் பின்னால் எங்களை வரிசையில் நிறுத்தி, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பெண் உட்கார்ந்திருக்கும்போது வாசிக்கிற ஒரு நோட்டை வாசித்துக்கொண்டே நடக்கச் சொன்னார். அது மூன்று நாலு என்கிற தாளம். ரூபகத்துக்கு இரண்டு தட்டு ஒரு வீச்சு போடுவார்களே, அதேபோல் ஒரு கட்டத்துக்கு மூன்று அடி. நடந்தோம். முதல் கட்டத்தில் பெரிய அடி இடது காலில் விழுந்தது. அடுத்த கட்டத்தில் வலது காலில் விழுந்தது. மறுபடி இடது. எந்தக் காலை நம்புவது என்று தெரியாமல், கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்களைப்போலத் தள்ளாடினோம். இதனால்தான் எந்தப் பட்டாளமும் மூன்று நாலுக்கு நடப்பதில்லை என்றார் மாஸ்டர்.

பிறகு ஆறெட்டு. மேலே ஆறு, கீழே எட்டு என்று எழுதியிருப்பதால் அந்தப் பெயர். இதிலும் ஒரு கட்டத்தில் ஆறு சின்னச் சுரம்தான், மூன்று நாலிலும் அடிக்கு இரண்டாக ஆறுதான். ஆனால் மூன்று நாலில் அந்த ஆறும் இரண்டிரண்டாகக் கட்டி மூன்று முடிச்சு. ஆறெட்டில் மும்மூன்றாகக் கட்டி இரண்டு முடிச்சு. ஒன்றில் ஒரு முடிச்சு, நான்கில் ஒரு முடிச்சு. இடது கால் ஒன்று, வலது கால் நான்கு. எத்தனை கட்டம் போனாலும் ஒன்று இடது காலை விட்டு நகராது. ஆறு என்று எழுதியிருக்கிறதே என்று எவனாவது ஆறும் எண்ணிக்கொண்டு நடந்தால் மாஸ்டர் தலையில் தட்டுவார். ஆறைக் காதில் வை, இரண்டைக் காலில் வை என்பார். நான் இதை ஒரு சங்கதியாகத் தெரிந்துகொண்டேனே தவிர, இதில் மலைத்துப்போக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலைமையில்தான் என் தங்கை வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நாடகக் கம்பெனி ஒன்றில் மிருதங்கம் வாசித்தவர். பேசும் படம் வந்து நாடகக் கொட்டகைகளைக் காலி செய்தபோது கம்பெனி ஆத்தூரில் முகாம் போட்ட இடத்திலேயே கலைந்தது. ராஜபார்ட்காரர் ஒரு பக்கம், சீன் படுதா ஒரு பக்கம் என்று போக, இவர் மிருதங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. தங்கை வந்ததும் வீட்டில் வெளிச்சம் வந்தது. நடுக்கூடத்து உத்தரத்தில் தூளி தொங்கியது. குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே தறி நெய்வது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். ஆனால் அவர் காது இருக்கிறதே, அதைப்போல ஒன்றை நான் பிறகு கண்டதில்லை. நாடகத்தில் பாடுகிறவர் மூச்சு முட்டி ஒரு மாத்திரை முன்னே ஓடினாலும், வசனத்தை மறந்து பின்னே தங்கினாலும், இவர் அங்கேயே போய்ப் பிடித்துக்கொள்வாராம். பாடினவர் தப்புச் செய்தார் என்று ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. ராஜபார்ட்காரர் பாதிச் சம்பளத்தை இவருக்குத் தரலாம் என்று தங்கை பெருமையடிப்பாள். தந்ததாகத்தான் தகவல் இல்லை.

அந்தச் சமயம் எங்கள் பெரிய டிரம்காரர் மேட்டூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் மாஸ்டரிடம் சொல்லி மாப்பிள்ளையை அழைத்துப்போனேன். மிருதங்கக்காரரிடம் பெரிய டிரம்மைக் கொடுப்பது, நகைத் தட்டானிடம் சம்மட்டியைக் கொடுப்பதுபோல. வயிற்றுக்கு முன்னால் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு சாமான், கையில் பஞ்சு சுற்றிய ஒரு கட்டை. அதிலே விரலுக்கு வேலை ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. மாஸ்டர் ஆறெட்டை விளக்க வாயெடுத்தார். இரண்டு கட்டம் கேட்பதற்குள், "தகிட, தகிட. திஸ்ர நடைதானுங்களே" என்று மாப்பிள்ளை தொடையில் போட்டுக் காட்டிவிட்டார். எங்களுக்கு ஒரு மாதம் பிடித்த சங்கதி அது. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்தாறு ஊர்வலம் நன்றாகப் போயிற்று. கல்யாண ஊர்வலம் என்றால் யாரும் கால் பார்த்து நடப்பதில்லை. இடறினாலும் மாலை வாசனையிலும் காஸ் விளக்கு வெளிச்சத்திலும் தெரியாது. அப்புறம்தான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. கலெக்டர் வருகிறார், பையன்கள் அத்தனை பேரும் மைதானத்தைச் சுற்றி அணிவகுத்து அவர் முன்னால் போக வேண்டும், பேண்டு வாசிக்க வேண்டும். இது மட்டும் சரியாக அமைந்தால் வருஷா வருஷம் இதுபோன்ற காரியங்களும் நமக்கு வரும் என்று மாஸ்டர் கண்ணில் ஒரு பட்டாளத்து ஒளி வந்துவிட்டது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஆறெட்டு நோட்டை எடுத்தார். வீரமான நோட்டு. அவர் ரெஜிமெண்டில் வாசித்தது.

அந்த நோட்டின் இரண்டாம் பாகத்தில், கடைசிக்கு முந்திய கட்டத்தில் ஒரு விஷமம் இருந்தது. எழுதிய வெள்ளைக்காரர் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஆறையும் மும்மூன்றாகப் பிரிக்காமல் இரண்டிரண்டாகப் பிரித்து, பெரிய பெரிய சுரமாக மூன்று வைத்திருந்தார். அதாவது அதுவரை தகிட தகிட என்று வந்த பாட்டு, அங்கே மட்டும் தக தக தக என்று மூன்றாகப் போகும். அடுத்த கட்டத்தில் மறுபடி பழைய வழிக்கு வந்துவிடும். பாட்டு மூன்றாகப் போகிறபோதும் டிரம் இரண்டாகத்தான் விழ வேண்டும். நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. டிரம்மின் இரண்டாவது அடி, பாட்டின் இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவது சுரத்துக்கும் நட்டநடுவில் விழும்.

மாப்பிள்ளை அந்தக் கட்டம் வந்ததும் மூன்று அடி அடித்தார்.

மாஸ்டர் நிறுத்தினார். விளக்கினார். மாப்பிள்ளை தலையாட்டினார். மறுபடி வாசித்தோம். அந்தக் கட்டம் வந்தது, டிரம் மறுபடி மூன்று அடி. கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தபோது அது கேட்கக்கூட நன்றாகத்தான் இருந்தது. பாட்டோடு பாட்டாக ஒட்டிக்கொண்டது. எங்களில் யாருக்கும் அதில் ஒரு அபாயம் தெரியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது. அவர்தான் காலோடு சேர்த்துக் கேட்டவர்.

மைதானத்தில் முதல் ஒத்திகை அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பேண்டு மேடைப் பக்கம் நின்று வாசித்தது. பையன்கள் நாலு நாலு பேராக வரிசையில் வந்தார்கள். முதல் பாகம் முழுக்க மிக நேர்த்தி. டிரில் வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டம் வந்தது. டிரம் இரண்டு அடி விழும் நேரத்துக்குள் மூன்று அடி விழுந்தது. டிரம்மைக் கேட்டு நடந்த பையன்கள் இரண்டு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் அவசர அவசரமாக மூன்று எட்டு வைத்தார்கள். மூன்று எட்டு வைத்தவனுக்கு அடுத்த கட்டத்தில் இடது வலதாகிவிட்டது. வாத்தியாரின் லெஃப்ட் ரைட்டைக் கேட்டு நடந்தவனுக்கு இடது இடதாகவே இருந்தது. ஒருத்தன் குதிகாலை ஒருத்தன் மிதித்தான். அந்த இரண்டாம் பாகம் திருப்பி வாசிக்க வேண்டிய பாகம். திருப்பினபோது மறுபடி மூன்று எட்டு வைத்தால் இடது மறுபடி இடதாகிவிடும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் அங்கே வரிசை என்று ஒன்று இருந்தால்தானே? சந்தையில் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி சிதறிக் கிடந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் நின்றது. மாஸ்டர் மாப்பிள்ளையிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். அவர் குரல் தணிந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் விழாவுக்கு ஈரோட்டிலிருந்து வேறு டிரம்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும், கூப்பிட்டால் அவரையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். மாஸ்டர் மேல் தப்பில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பம்பாய் மில்லில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணன் முன்பே ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார், வந்தால் வேலை இருக்கிறது என்று. டிரம் அமைந்தால் இங்கே, அமையாவிட்டால் விழா முடிந்த மறுநாள் ரயில் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். மச்சான் வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். அந்த ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும், தங்கை தகரப் பெட்டியில் ஒவ்வொரு சாமானாக அடுக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பம்பாய் போனால் எப்போது திரும்பி வருவாள்? அந்தக் குழந்தைக்கு என் முகமாவது ஞாபகம் இருக்குமா? தறியில் உட்கார்ந்தால் நூல் ஓட்டுகிற நாடா கையில் நிற்கவில்லை.

ஒவ்வொரு நாளும் மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து நான் ஊத ஊதத் தரையில் தட்டிப் பார்த்தார். அந்தக் கட்டம் வரும். அவர் முகம் மாறும். கை தானாகப் பாட்டோடு போய்விடும். கண்ணை மூடிப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்து, ரெண்டு தட்டுறதுக்கு இவ்வளவு பாடா என்று கத்திவிட்டேன். அப்போதுதான் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார்.

"மச்சான், நீங்க ஊதறது அந்த எடத்துல நடை மாறுதுங்க. பாடறவரு வழி மாறிப் போறாருன்னா நான் கூடப் போய்ப் புடிக்கோணும். இத்தன வருசமா அதுதானுங்க என்ற வேல. அவர நடுவழியில உட்டுப்போட்டு நான் பாட்டுக்கு எப்படிங்க தனியாப் போறது?"

தாளம் தெரியாமல் தப்புச் செய்கிறவனைத் திருத்தலாம். இவர் தெரிந்ததனால் அல்லவா தப்புச் செய்கிறார்? பாடுகிறவரைக் கைவிடக்கூடாது என்று ஒரு ஆயுள் முழுக்கப் பழகிய கையை எப்படித் திருத்துவது?

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி ஒத்திகை. காலை வேளை. வடக்கே ஏற்காட்டு மலை பளிச்சென்று தெரிந்தது. பையன்கள் மைதானத்தின் கோடியில் அணிவகுத்து நின்றார்கள். ஆரம்பித்தோம். அந்தக் கட்டம் வந்தது. டிரம் மூன்று அடி. மாஸ்டர் கார்னெட்டை வாயிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளை தானாகவே வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் வைத்தார். "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமுங்க" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஒத்திகை நடந்தாக வேண்டும். மாஸ்டர் என்னைப் பார்த்து டிரம்மைக் காட்டினார்.

நான் கிளாரினெட்டை வைத்துவிட்டு டிரம்மை மாட்டினேன். மாப்பிள்ளைக்கு அத்தனை கஷ்டமாக இருந்த அந்தக் கட்டம் எனக்கு ஒரு கஷ்டமாகவும் இல்லை. காரணம் கேட்டால் வெட்கக்கேடு. நான் பாட்டையே கேட்கவில்லை. இடது, வலது, இடது, வலது என்று செக்குமாடு மாதிரி அடித்துக்கொண்டு போனேன். கார்னெட் மூன்றாகப் போனால் போகட்டும், முப்பதாகப் போனால் போகட்டும். மயங்குவதற்குக் காது வேண்டும் அல்லவா? என்னிடம் அது அவ்வளவாக இல்லை.

அடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை கேட்டருகே போய்விட்டார். வெளியே போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். அவருக்கு முன்னால் சின்ன வகுப்புப் பையன்களின் கடைசி வரிசைகள் காலெடுத்து வைத்துக்கொண்டிருந்தன. அவர் அவர்கள் காலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி அவர்கள் காலைப் பார்த்தார். இரண்டாம் பாகத்தைத் திருப்பி வாசித்து, நோட்டு முடிந்து, மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி, அதுவும் முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றார். அப்புறம் மைதானத்தின் குறுக்கே நேராக நடந்து வந்து, என் தோளிலிருந்து வாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அதற்குள் மணி அடித்துவிட்டது, பையன்கள் வகுப்புக்குக் கலைந்துவிட்டார்கள். அவர் திருந்திவிட்டாரா என்று பார்க்க வழியில்லை. ஈரோட்டு ஆளை வரச்சொல்லி அனுப்பட்டுமா என்று மாஸ்டர் மாப்பிள்ளையையே கேட்டார். வேண்டாமுங்க என்றார் மாப்பிள்ளை. மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். சரி தம்பி என்றார். அந்தச் "சரி"யை நினைத்தால் எனக்கு இப்போதும் மாஸ்டர் மேல் மரியாதை கூடுகிறது.

வீடு திரும்புகிற வழியில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே போய் நின்று என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்.

"அங்க பாட்டே கேக்கலீங்க மச்சான். காத்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருது. கார்னெட்டும் இல்ல, கிளாரினெட்டும் இல்ல. டிரம்மு மட்டுந்தான் வருது. அதுவும் நீங்க கைய ஓங்கி அடிச்ச பொறவுதான் சத்தம் வருது. நீங்க அடிச்சத நான் கண்ணால பாக்கறேன், அப்புறந்தான் காதுல வுழுகுது. அது வந்து வுழுந்தாத்தான் அந்தப் பசங்க கால வெக்கறாங்க. கடேசி வரிசையில இருக்கறவனுக்கு வேற ஒண்ணுமே கெடையாதுங்க."

கொஞ்ச தூரம் போனதும், "நான் இதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து பாடறவருக்கு வாசிச்சேன். இது பாட்டுக் கேக்காதவனுக்கு வாசிக்கறதுங்க" என்றார்.

எனக்கு நடை தடைபட்டது. இத்தனை வருஷம் அதே மைதானத்தில், அதே தெருக்களில் ஊதியிருக்கிறேன். நான் ஊதுவது கடைசி வரிசைக்குப் போவதே இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கண்ணுக்கு முன்னால் அடிக்கிற அடி, ஒரு மைதானத்தைக் கடப்பதற்குள் ஒரு கணம் கிழடாகிவிடுகிறது என்றும் தெரியாது. கையை ஓங்கி அடித்த நானே பார்க்காததை, கோபித்துக்கொண்டு போன மனுஷர் நின்று பார்த்திருக்கிறார்.

சரி, பாடுகிறவரைக் கைவிடுவது என்ன ஆயிற்று என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கைவிடவில்லை, பாடுகிறவர் எங்கே வந்து சேருவாரோ அங்கே முன்னாடியே போய் நிற்கிறேன் என்றார்.

விழா அன்று பந்தலில் ஊரே இருந்தது. கலெக்டர் வந்தார், மாலை போட்டார்கள், எல்லோரும் பேச வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார்கள். தங்கை வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க முடியாது என்றாள். பெட்டி கட்டியாகிவிட்டது. தூளித் துணியைக்கூட மடித்து உள்ளே வைத்துவிட்டாள். குழந்தை தரையில் பாயில் கிடந்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மாஸ்டர் விரலை அசைத்தார். முதல் பாகம் போயிற்று. தகிட தகிட, இடது வலது. இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. அந்தக் கட்டம் நாலு கட்டம் தள்ளி இருக்கிறது, மூன்று கட்டம், இரண்டு கட்டம். வந்துவிட்டது. என் விரல்கள் அந்த மூன்று பெரிய சுரத்தில் முதலாவதை எடுத்தன. அதோடு டிரம் விழுந்தது. இரண்டாவது சுரம் எடுத்தேன். இப்போது டிரம் விழும் என்று என் உடம்பெல்லாம் எதிர்பார்த்தது. விழவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. பிறகு, என் இரண்டாவது சுரத்துக்கும் மூன்றாவது சுரத்துக்கும் நடுவில், வெறும் இடத்தில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் டிரம் விழுந்தது. அதன் பிறகு என் மூன்றாவது சுரம். பிறகு அடுத்த கட்டம். அங்கே அவர் முன்னாடியே நின்றுகொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அதற்கு முன் எத்தனையோ முறை அதே கட்டத்தை ஊதியிருக்கிறேன். அப்போதெல்லாம் டிரம் என்னோடு கூடவே வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நானே டிரம் அடித்தபோது பாட்டைக் கேட்காததால் ஒன்றும் தெரியவில்லை. இன்று என் விரலில் மூன்று, நின்ற இடத்திலேயே தாளம் தட்டிய என் இடது பாதத்திலும் வலது பாதத்திலும் இரண்டு. இரண்டும் ஒரே ஆறு. ஒன்றை ஒன்று தள்ளவில்லை, ஒன்றுக்கு ஒன்று வழிவிடவும் இல்லை. இவ்வளவு சின்ன இடத்துக்குள் இரண்டு நடை நடக்க இடம் இருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. அந்த நோட்டை எழுதிய, எங்கேயோ செத்துப்போன அந்த வெள்ளைக்காரரைக் கும்பிடத் தோன்றியது.

பையன்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கால் இடறவில்லை. கோடியில் இருந்த சின்னப் பையன்களின் கால் எங்களைவிட ஒரு கணம் பிந்தி விழுந்தது, மாப்பிள்ளை சொன்னதுபோலவே. முன் வரிசையில் ஆரம்பித்த எட்டு பின்வரிசை வரைக்கும் ஓடுவதை அப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன். நெல் வயலில் காற்று போகிறமாதிரி இருந்தது. இரண்டாம் பாகம் திரும்பி வந்தது, அந்தக் கட்டமும் வந்தது, டிரம் இரண்டாகவே விழுந்தது. நான் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கண் திறந்தே இருந்தது. மைதானத்தின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டு முடிந்ததும் மாஸ்டர் வந்து மாப்பிள்ளை தோளில் கையை வைத்தார்.

நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்து வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தோம். தங்கையிடம் யார் முதலில் சொல்வது என்று எனக்குள் ஒரே பரபரப்பு. நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு எங்கே விவரமாகச் சொல்ல வரும்? அந்தக் கட்டத்தை அவளுக்கு எப்படி விளக்குவது, ஆறை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன்.

பெட்டியைச் சுற்றியிருந்த கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. மூடி திறந்திருந்தது. உத்தரத்தில் தூளி தொங்கியது. தங்கை கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

யார் வந்து சொன்னது என்று கேட்டேன். ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"யாரும் வரலீங்க அண்ணா. இங்கிருந்து உங்க பாட்டு எங்க கேக்குது? அவரு அடிக்கறதுதான் கேக்கும். ஒத்திகை அன்னைக்கெல்லாம் அவரு கை ஒரு எடத்துல ஓடும். இன்னைக்கு ஓடல" என்றாள்.

மாப்பிள்ளை கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் தூளியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டித் தூளியை ஆட்டினார்.